ஒவ்வொரு ஆய்வுக் கேள்விக்கும் ஒரு சோதனைப் பெயர்: தரவுப் பகுப்பாய்வுத் திட்டம் எழுத முழுமையான வழிகாட்டி

"சேகரிக்கப்பட்ட தரவுகள் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் தகுந்த புள்ளியியல் சோதனைகள் மூலம் பகுப்பாய்வு செய்யப்படும். p < 0.05 எனில் முக்கியமானதாகக் கருதப்படும்." ஆய்வு முன்மொழிவுகளில் பகுப்பாய்வுப் பகுதி என்று இந்த இரண்டு வரிகளை மட்டும் எழுதிவிட்டு நகர்பவர்கள் நிறையப் பேர். தகுந்த சோதனை எது, எந்தக் கேள்விக்கு, எந்த மாறியை வைத்து என்று இதில் ஒன்றுமே இல்லை. தரவு கைக்கு வந்த பிறகுதான் தேடல் தொடங்கும், அப்போது கண்ணில் படும் எண்களே சோதனையைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடும்.

இதைத் தவிர்க்க, கேள்விக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு சோதனைப் பெயர் என்று எழுதும் முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். கற்பனையான ஆய்வுதான், ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எல்லா ஆய்வேடுகளிலும் வருபவை.

ஆய்வு இது: சுழற்சிமுறைப் பணியில் இருக்கும் செவிலியர்களைச் சமவாய்ப்பு முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்கிறோம். ஒரு குழுவுக்கு 8 வார நடைப்பயிற்சித் திட்டம், இன்னொரு குழு வழக்கம்போல. தூக்கத்தைப் பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோலால் தொடக்கத்திலும் 8 வாரம் முடிந்ததும் அளக்கிறோம். அதன் மதிப்பெண் 0 முதல் 21 வரை, கூடக்கூடத் தூக்கம் மோசம், 5-க்கு மேல் போனால் மோசமான தூக்கம் என்று கணக்கு.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று தாள்கள் போதும். இறுதி செய்யப்பட்ட ஆய்வுக் கேள்விகள், வினாத்தாள் அல்லது தரவுப் படிவம், யாரைச் சேர்ப்போம் யாரை விலக்குவோம் என்ற விதிகள். இந்த மூன்றில் ஒன்று இன்னும் மாறிக்கொண்டிருந்தால் திட்டம் எழுத உட்கார வேண்டாம், எழுதியதை எல்லாம் திரும்ப எழுத வேண்டிவரும்.

மூன்றாவது தாளைப் பலர் எடுத்தே வருவதில்லை, அதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. நம் ஆய்வின் முதல் கேள்வி, "தொடக்கத்தில் எத்தனை விழுக்காட்டினருக்குத் தூக்கம் மோசமாக இருக்கிறது?" என்பது. சேர்க்கை விதியில் "தூக்க மதிப்பெண் 5-க்கு மேல் உள்ளவர்கள் மட்டும்" என்று இருந்தால் அந்தக் கேள்விக்கு விடை எப்போதும் 100 விழுக்காடு. எந்தச் சோதனையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. கேள்வியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் விதியை மாற்ற வேண்டும். இங்கே எல்லாச் செவிலியர்களையும் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

அளவுகோலின் கையேட்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள். இந்த அளவுகோல் கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறது. நடைப்பயிற்சி தொடங்கி இரண்டாவது வாரத்தில் அளந்தால், பயிற்சிக்கு முந்தைய இரண்டு வாரமும் அந்த விடையில் கலந்திருக்கும். அளவீட்டை 8-ஆவது வாரத்தில் வைப்பதற்கு அதுவே காரணம், திட்டத்தில் அந்தக் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

## 2. கேள்வியை உடைத்து எழுதுங்கள்

கேள்வி எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துக்கொண்டு சோதனை தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு கேள்வியிலும் நான்கு விஷயங்களைப் பிரித்தெடுக்க வேண்டும்: எதை அளக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் அல்லது தொடர்புபடுத்துகிறோம், யாரிடம், எப்போது.

"நடைப்பயிற்சி தூக்கத்தை மேம்படுத்துமா?" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒப்பீடே இல்லை. முன்பைவிடவா, மற்றக் குழுவைவிடவா? இரண்டும் வேறுவேறு கேள்விகள், வேறுவேறு சோதனைகள். உடைத்து எழுதினால் இப்படி வரும்: "8 வார முடிவில், நடைப்பயிற்சிக் குழுவின் சராசரித் தூக்க மதிப்பெண், தொடக்க மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின், மற்றக் குழுவைவிடக் குறைவாக இருக்கிறதா?" நீளம்தான், ஆனால் சோதனையின் பெயர் பாதி இதிலேயே வந்துவிட்டது.

நம் நான்கு கேள்விகளும் உடைத்த பிறகு இப்படி நிற்கின்றன.

முதல் கேள்வி: தொடக்கத்தில் இந்த மாதிரியில் மோசமான தூக்கம் உள்ளவர்களின் விழுக்காடு என்ன?

இரண்டாவது: மேலே சொன்னது, இரு குழு ஒப்பீடு.

மூன்றாவது: தொடக்கத்தில், வயதைக் கணக்கில் எடுத்த பின்னும், மோசமான தூக்கத்துக்கும் பணிமுறைக்கும் (பெரும்பாலும் பகல், பெரும்பாலும் இரவு, இரண்டும் மாறி மாறி) தொடர்பு இருக்கிறதா?

நான்காவது: நடைப்பயிற்சிக் குழுவுக்குள் மட்டும், ஒருவர் தினமும் நடந்த சராசரி அடிகளுக்கும் 8 வார முடிவுத் தூக்க மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருக்கிறதா?

## 3. மாறிகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்

சோதனைக்கு முன் மாறிகள், இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மாறி எந்த வகை என்று முடிவாகாமல் எந்தச் சோதனையும் முடிவாகாது. ஒவ்வொரு மாறிக்கும் தரவுக்கோப்பில் வரப்போகும் பெயர், வகை, எடுக்கக்கூடிய மதிப்புகள், எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று எழுதுங்கள்.

கடைசிதான் பலருக்கு விட்டுப்போகும். தூக்க மதிப்பெண் என்பது 7 கூறுகளின் கூட்டல், ஒவ்வொரு கூறும் 0 முதல் 3 வரை. ஒருவர் ஒரே ஒரு கூறுக்கான கேள்விகளை விட்டுவிட்டால் அவருடைய மொத்தம் என்ன? காலியாக விடுவோமா, மற்ற ஆறின் சராசரியை வைத்து நிரப்புவோமா? இப்போதே எழுதிவிட்டால் பிறகு யார் தரவைச் சுத்தம் செய்தாலும் ஒரே எண் வரும்.

ஒரே அளவீடு இரண்டு வேடத்தில் வருவதையும் கவனியுங்கள். இரண்டாவது, நான்காவது கேள்விகளில் தூக்கம் 0 முதல் 21 வரையுள்ள எண். முதல், மூன்றாவது கேள்விகளில் அது ஆம் அல்லது இல்லை. பட்டியலில் இரண்டும் தனித்தனி மாறிகள். இரண்டாவது கேள்வியிலும் "மோசம், நல்லது" என்று வெட்டிவிட்டால் சுலபமாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். 14-லிருந்து 7-க்கு இறங்கியவர் அப்போதும் "மோசம்" பட்டியலிலேயே இருப்பார், 6-லிருந்து 5-க்கு வந்தவர் "நல்லது" ஆகிவிடுவார். அளந்த தகவலைக் கையால் தூக்கி எறிவது அது.

## 4. இப்போது சோதனையின் பெயர்

### முதல் கேள்வி: சோதனையே தேவையில்லை

இது ஒரு விழுக்காட்டை மதிப்பிடும் கேள்வி. ஒப்பிட எதுவும் இல்லை, ஆகவே p மதிப்பும் இல்லை. முறையின் பெயர்: விழுக்காடும் அதன் 95% நம்பிக்கை இடைவெளியும், வில்சன் முறையில். எல்லாக் கேள்விக்கும் ஒரு p மதிப்பு இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்து, இந்த இடத்தில் ஏதோ ஒரு கை-வர்க்கச் சோதனையைச் செருகுகிறார்கள். "முறை" என்ற சொல்லைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், மதிப்பீடும் ஒரு முறைதான்.

### இரண்டாவது கேள்வி: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். புதிதாக எழுதுபவர்களின் திட்டத்தில் பெரும்பாலும் வருவது இதுதான்: "நடைப்பயிற்சிக் குழுவில் முன்-பின் ஒப்பீட்டுக்கு இணை டி சோதனை, மற்றக் குழுவிலும் இணை டி சோதனை." இரண்டையும் செய்து, ஒன்றில் p 0.03, மற்றொன்றில் p 0.06 என்று வந்தால், "பயிற்சி வேலை செய்தது" என்று முடிவுரை எழுதிவிடுவார்கள்.

அந்த இரண்டு p மதிப்புகளில் எதுவுமே இரு குழுக்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடவில்லை. ஒரு குழு சராசரியாக 1.4 புள்ளி குறைந்து, மற்றது 1.2 புள்ளி குறைந்திருந்தால்கூட இப்படி 0.05-இன் இரு பக்கமும் விழலாம். குழுக்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் வெறும் 0.2. கேள்வி கேட்டது அந்த 0.2-ஐப் பற்றித்தான், அதை யாரும் சோதிக்கவே இல்லை.

இங்கே வர வேண்டிய பெயர் அன்கோவா. 8 வார மதிப்பெண் விளைவு மாறி, குழு விளக்கும் மாறி, தொடக்க மதிப்பெண் துணை மாறி. முடிவாகச் சொல்லப்போவது, தொடக்க மதிப்பெண்ணைச் சமப்படுத்திய பின் இரு குழுச் சராசரிகளின் வித்தியாசமும் அதன் 95% நம்பிக்கை இடைவெளியும்.

"முன்-பின் வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதை இரு குழுவுக்கும் டி சோதனை செய்தால் போதாதா?" என்று கேட்பார்கள். தவறில்லை, குழுக்களைத்தான் ஒப்பிடுகிறது. ஆனால் தொடக்கத்தில் அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் அடுத்த அளவீட்டில் இயல்பாகவே சராசரியை நோக்கி இறங்குவார்கள், தற்செயலாக ஒரு குழு சற்று மோசமான நிலையில் தொடங்கினால் அந்த இறக்கமும் பயிற்சியின் பலனாகக் கணக்கில் ஏறிவிடும். அன்கோவா இதைச் சரிசெய்கிறது, கூடவே துல்லியமும் அதிகம். சமவாய்ப்பு முறையில் பிரித்த ஆய்வு என்றால் என் தேர்வு எப்போதும் அன்கோவாதான்.

### மூன்றாவது கேள்வி: கேள்வியின் சொற்களே பெயரைச் சொல்லும்

மோசமான தூக்கம் ஆம்/இல்லை, பணிமுறை மூன்று வகை. இரண்டும் வகை மாறிகள் என்றதும் மனம் கை-வர்க்கச் சோதனைக்குப் போகிறது. ஆனால் கேள்வியில் "வயதைக் கணக்கில் எடுத்த பின்னும்" என்று இருக்கிறதே. கை-வர்க்கத்துக்கு வயதைச் சொல்ல வழியில்லை. பெயர் லாஜிஸ்டிக் ரிக்ரஷன். கேள்வியில் "சரிப்படுத்திய", "கணக்கில் எடுத்த" போன்ற சொற்கள் இருந்து, எதிரே இரண்டு மாறிகளை மட்டும் கையாளும் சோதனை இருந்தால் அந்த வரி பொருந்தவில்லை என்று அர்த்தம்.

பணிமுறைக்கு மூன்று வகை இருப்பதால், பகலை அடிப்படையாக வைத்து இரண்டு ஆட்ஸ் விகிதங்கள் வரும். எது கேள்விக்கு விடை? இரண்டில் சிறிய p வந்ததை எடுப்பது என்று ஆகிவிடாமல் இருக்க, பணிமுறை முழுவதற்கும் சேர்த்து ஒரே p, லைக்லிஹூட் ரேஷியோ சோதனை மூலம், என்று எழுதிவிடுங்கள். ஆட்ஸ் விகிதங்கள் இடைவெளியோடு விளக்கத்துக்கு வரட்டும்.

எத்தனை மாறிகளைச் சேர்க்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. இரு வகைகளில் குறைவான எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் கிடைப்பது தோராயமான உச்சவரம்பு. மொத்தம் 114 பேரில் 80 பேருக்கு மோசமான தூக்கம், 34 பேருக்கு நல்ல தூக்கம் என்று எதிர்பார்த்தால், 34-க்கு மூன்றுதான். பணிமுறை இரண்டைச் சாப்பிட்டுவிடும், வயது ஒன்று. அத்தோடு இடம் தீர்ந்தது. "பாலினம், அனுபவம், திருமண நிலை, காபி எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசைக்கு இந்த மாதிரி இடம் கொடுக்காது. பத்து என்பது கண்டிப்பான சட்டம் இல்லை, ஆனால் அதைவிடக் கீழே போனால் ஆட்ஸ் விகிதங்கள் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாகி நிற்பதைப் பார்க்கலாம்.

### நான்காவது கேள்வி: இரண்டு எண்கள், ஒரு தொடர்பு

தினசரி அடிகள் எண், மதிப்பெண் எண். அடிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒரு பக்கம் நீண்டிருக்கும், சிலர் மட்டும் மிக அதிகம் நடப்பார்கள். அந்தச் சிலரால் பியர்சன் கெழு ஆடிப்போகும். அதனால் பெயர் ஸ்பியர்மன் தரவரிசைத் தொடர்பு.

இந்தக் குழுவில் 57 பேர்தான். கெழு −0.30 என்று வந்தால் அதன் 95% இடைவெளி தோராயமாக −0.52 முதல் −0.04 வரை விரியும். இதை இப்போதே கணக்கிட்டு எழுதி வைத்தால், பிறகு "மிதமான தொடர்பு கண்டறியப்பட்டது" என்று அழுத்திச் சொல்ல மனம் வராது. அதிகம் நடந்தவர்கள் ஏற்கனவே நன்றாகத் தூங்கியவர்களாகவும் இருக்கலாம், அதனால் இந்த வரியில் "தொடர்பு" என்ற சொல் மட்டும்தான், "விளைவு" வரக்கூடாது.

## 5. ஒரு கேள்வியை முதன்மையாக்குங்கள்

நான்கும் முக்கியம் என்று சொன்னால் நான்கில் எது வென்றதோ அது தலைப்பில் ஏறும். இரண்டாவது கேள்வி முதன்மை, 0.05 முழுவதும் அதற்கே. முதல் கேள்வியில் p இல்லை. மூன்றாவதும் நான்காவதும் துணைக் கேள்விகள், அவற்றுக்கு ஹோம் முறையில் திருத்தம்.

ஹோம் முறை கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் கணக்கு சின்னது. இரண்டு p மதிப்புகளில் சிறியதை 0.025-ஓடு ஒப்பிடுங்கள், அது தேறினால் மட்டும் அடுத்ததை 0.05-ஓடு. 0.03, 0.04 என்று வந்திருந்தால், திருத்தமில்லாமல் இரண்டுமே தேறியிருக்கும். ஹோம் முறையில் 0.03, 0.025-ஐத் தாண்டிவிட்டதால் அங்கேயே நிறுத்தம், இரண்டும் தேறாது. இதைத் தரவு வந்த பிறகு முடிவு செய்யச் சொன்னால் யாருக்கும் கை வராது, அதனால்தான் இப்போது.

## 6. மாதிரி அளவு அந்த முதன்மைச் சோதனையிலிருந்து வர வேண்டும்

இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு கணிப்பானில் விழுக்காட்டுக்கான சூத்திரத்தை எடுத்து 384 என்று எழுதிவிட்டு, பிறகு சோதனை அன்கோவா என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணுக்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை. மாதிரி அளவு எழுதும் பத்தியில் முதன்மைக் கேள்வியின் சோதனைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

நம் ஆய்வுக்கு: திட்டவிலக்கம் 3 புள்ளி, கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம் 1.5 புள்ளி, முக்கியத்துவ எல்லை 0.05, 80% திறன் என்று வைத்துக்கொள்வோம். இரு குழு ஒப்பீட்டுக்கு,

```
n = 2 × (1.96 + 0.84)² × 3² / 1.5² = 62.7
```

குழுவுக்கு 63 பேர். அன்கோவாவில் தொடக்க மதிப்பெண்ணும் முடிவு மதிப்பெண்ணும் தொடர்புடையவை என்பதால் தேவை குறையும். அந்தத் தொடர்பு 0.5 என்று எடுத்தால் (1 − 0.5²), அதாவது 0.75-ஆல் பெருக்கலாம், 47.04, மேல்நோக்கி எடுத்தால் 48. இடையில் 15% பேர் விலகுவார்கள் என்று எதிர்பார்த்தால் 48 / 0.85 = 56.5, ஆகவே குழுவுக்கு 57, மொத்தம் 114. மேலே 114 என்றும் 57 என்றும் வந்தது இதனால்தான்.

3, 1.5, 0.5 ஆகிய மூன்றும் எங்கிருந்து வந்தன என்று எழுதியாக வேண்டும். திட்டவிலக்கமும் தொடர்பும் முந்தைய ஆய்வுகளிலிருந்தோ சிறிய முன்னோட்டத்திலிருந்தோ வரலாம். 1.5 மட்டும் அப்படி வரக்கூடாது, "இதைவிடக் குறைவான மாற்றம் அவர்களுக்குப் பயன்படாது" என்ற துறை சார்ந்த முடிவு அது. முந்தைய ஆய்வில் வந்த வித்தியாசத்தை அப்படியே இங்கே போடுபவர்கள் உண்டு. சிறிய ஆய்வுகளில் வெளிவரும் வித்தியாசங்கள் பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும், அதை நம்பினால் மாதிரி போதாமல் போகும்.

## 7. காணாமல் போகும் தரவு

57-இல் 9 பேர் 8-ஆவது வாரத்தில் வரவில்லை. அவர்களை என்ன செய்வது? "விடுபட்ட தரவுகள் நீக்கப்படும்" என்ற ஒரு வரி இங்கே ஆபத்து. நடந்து பார்த்துப் பலன் இல்லாமல் விட்டவர்கள்தான் அதிகம் விலகியிருப்பார்கள், அவர்களை நீக்கினால் பலன் அடைந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

இரண்டு முடிவுகளை எழுதுங்கள். ஒன்று, பயிற்சியை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் எந்தக் குழுவில் போடப்பட்டாரோ அந்தக் குழுவிலேயே ஒவ்வொருவரும் கணக்கில் வருவார். இரண்டு, விடுபட்ட மதிப்பெண்களுக்குப் பன்முறை நிரப்பல், நிரப்பும் சமன்பாட்டில் குழு, தொடக்க மதிப்பெண், வயது, பணிமுறை. முழுத் தரவு உள்ளவர்களை மட்டும் வைத்து ஒருமுறை செய்து பக்கத்தில் காட்டுங்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டாவிட்டால் வாசகருக்கு அது தெரிய வேண்டும். கடைசியாக எடுத்த மதிப்பெண்ணை அப்படியே முன்னே தள்ளும் பழைய வழக்கம் வேண்டாம், யாரும் மாறவே இல்லை என்று சொல்லாமல் சொல்கிறது அது.

## 8. நிபந்தனைகளும் மாற்று வழியும்

ஒவ்வொரு சோதனைப் பெயருக்கும் பக்கத்தில், எதைப் பார்த்துச் சரிபார்ப்போம், சரியில்லை என்றால் எங்கே போவோம் என்று எழுத வேண்டும். பொதுவாக எழுதப்படுவது "ஷபிரோ-வில்க் சோதனையில் இயல்பாக இல்லையென்றால் மான்-விட்னி". இதில் இரண்டு தவறு இருக்கிறது.

முதலாவது, அன்கோவாவுக்கு இயல்பாக இருக்க வேண்டியது எச்சங்கள்தான், அதாவது அளந்த மதிப்பெண்ணுக்கும் அன்கோவா கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்கள், மூல மதிப்பெண்கள் இல்லை. எச்சங்களின் கியூ-கியூ வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். ஷபிரோ-வில்க் சிறிய மாதிரியில் கோணலைக் கண்டுகொள்ளாது, பெரிய மாதிரியில் பொருட்படுத்த வேண்டாத கோணலுக்கும் அலறும்.

இரண்டாவது தவறு, மான்-விட்னிக்குத் தாவினால் கேள்வியே மாறிவிடுகிறது. சராசரி வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டோம், அது தரவரிசையைப் பற்றிச் சொல்லும், தொடக்க மதிப்பெண்ணும் கைவிட்டுப் போகும். எச்சங்கள் மோசமாகக் கோணினால் அதே அன்கோவாவுக்கு 5000 மறுமாதிரிகளோடு பூட்ஸ்ட்ராப் நம்பிக்கை இடைவெளி என்று எழுதுங்கள். விடை அதே கேள்விக்கான விடையாகவே இருக்கும்.

கை-வர்க்கம் பயன்படுத்தும் இடம் உங்கள் ஆய்வில் இருந்தால், நிபந்தனை எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையைப் பற்றியது, கண்டறிந்த எண்ணிக்கையைப் பற்றியது இல்லை. இரவுப்பணியில் 15 பேர், மொத்தம் 114-இல் 34 பேருக்கு நல்ல தூக்கம் என்றால் அந்தக் கட்டத்தில் எதிர்பார்ப்பு 15 × 34 / 114 = 4.47. 5-ஐவிடக் குறைவு. ஆனால் ஆறு கட்டங்களில் ஒன்றுதான் அப்படி, வழக்கமான விதி ஐந்தில் ஒரு பங்கு வரை அனுமதிக்கிறது, எதுவும் 1-க்குக் கீழே போகவில்லை என்றால் சோதனை நிற்கும். அதற்கு மேல் போனால் ஃபிஷர் துல்லியச் சோதனை. அதே ஆட்களின் முன்-பின் ஆம்/இல்லை என்றால் கை-வர்க்கமே கூடாது, அங்கே மெக்நிமர்.

## 9. ஒரு வரி எப்படி இருக்கும்

இவ்வளவும் சேர்ந்து இரண்டாவது கேள்விக்கான வரி இப்படி முடிகிறது.

> கேள்வி 2 (முதன்மை). விளைவு மாறி: 8 வாரத் தூக்க மதிப்பெண் (0–21). விளக்கும் மாறி: குழு. துணை மாறி: தொடக்க மதிப்பெண். யார்: குழுவில் போடப்பட்ட 114 பேரும். முறை: அன்கோவா. சொல்லப்போவது: சரிப்படுத்திய சராசரி வித்தியாசம், 95% இடைவெளி, p. விடுபட்டவை: பன்முறை நிரப்பல். சரிபார்ப்பு: எச்சங்களின் கியூ-கியூ வரைபடம். மாற்று: பூட்ஸ்ட்ராப் இடைவெளி, 5000 மறுமாதிரி.

மற்ற மூன்றுக்கும் இதே அமைப்பு. எழுதி முடித்ததும் இரண்டு திசையிலும் சரிபாருங்கள். எதிரே சோதனை இல்லாத கேள்வி இருக்கிறதா? எதிரே கேள்வி இல்லாத சோதனை இருக்கிறதா? இரண்டாவதுதான் அதிகம் வரும், முந்தைய ஆய்வேடு ஒன்றிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு அனோவா எந்தக் கேள்விக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். நீக்கிவிடுங்கள். வினாத்தாளையும் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள், எந்த வரியிலும் வராத கேள்விகளுக்கு ஆட்களின் நேரத்தை ஏன் எடுக்க வேண்டும்?

## 10. காலி அட்டவணையும் பொய்த் தரவும்

முடிவுகள் அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் வரைந்துவிடுங்கள். தலைப்பு, வரிசைகள், பத்திகள், எல்லாம் இருக்கட்டும், கட்டங்கள் மட்டும் காலி. எந்தக் கட்டத்தில் என்ன எண் வரும் என்று சொல்ல முடியவில்லை என்றால் அந்த வரி இன்னும் முடியவில்லை.

அடுத்து, பொய்த் தரவில் ஓட்டிப் பாருங்கள். ஆர் மொழியில் சில வரிகள் போதும்.

```
set.seed(1)
n <- 114
d <- data.frame(grp = sample(rep(c("A", "B"), n / 2)))
d$psqi0 <- sample(3:15, n, replace = TRUE)
d$psqi8 <- sample(3:15, n, replace = TRUE)
m <- lm(psqi8 ~ grp + psqi0, data = d)
confint(m)["grpB", ]
```

வரும் இடைவெளிக்கு அர்த்தமில்லை, எல்லாம் குலுக்கல் எண்கள். கவனிக்க வேண்டியது வேறு: குறியீட்டில் கேட்கும் ஒவ்வொரு பெயரும் உங்கள் மாறிப் பட்டியலில் இருக்கிறதா, எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழு கழிக்கப்படுகிறது. இங்கே "B" கழித்தல் "A". நடைப்பயிற்சி "B" என்றால் நல்ல பலனுக்கு எண் எதிர்மறையாக வர வேண்டும், ஏனென்றால் குறைந்த மதிப்பெண்தான் நல்ல தூக்கம். அந்தத் திசையையும் திட்டத்தில் எழுதுங்கள். திசையைத் தலைகீழாகப் படித்து, பயிற்சி தூக்கத்தைக் கெடுத்தது என்று எழுதும் தவறு இந்த ஒரு வரியால் தடுக்கப்படும்.

## 11. பூட்டுங்கள்

முதல் நபரின் தரவு உள்ளே வரும் முன், தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு, வழிகாட்டியின் கையொப்பத்தோடு ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். `osf.io` போன்ற பதிவகத்தில் ஏற்றினால் தேதிக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது.

அதற்குப் பிறகு மாற்றவே கூடாது என்று இல்லை. இரவுப்பணியில் 15 பேரை எதிர்பார்த்து 4 பேர்தான் வந்தால், வகைகளை இணைக்க வேண்டிவரும். அப்போது பழைய வரியை அழிக்காமல் கீழே புதிய வரி சேர்த்து, என்ன மாறியது, ஏன், எந்தத் தேதியில், முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பா பின்பா என்று எழுதுங்கள். அந்தக் கடைசித் தகவலை ஆய்வேட்டின் முறைகள் அத்தியாயத்திலும் அப்படியே கொடுத்துவிடுங்கள், தேர்வாளர் முதலில் தேடுவது அதைத்தான்.